பதில் விளங்கும்படி கேள்வி கேட்பது: யேர்மன் வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்கு முன்

யேர்மனியில் திட்டமிட்ட சத்திரசிகிச்சை எதற்கும் முன்னர் வைத்தியர் ஒருவர் நோயாளியை இருத்தி விளக்கம் சொல்வார். என்ன செய்யப் போகிறார்கள், ஏன் செய்கிறார்கள், செய்யாமல் விட்டால் என்ன நடக்கும், என்ன ஆபத்து உண்டு, வேறு வழி இருக்கிறதா என்று எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் "இன்னும் ஏதும் கேள்விகள் இருக்கிறதா?" என்று கேட்பார். டொச் அரைகுறையாகத் தெரிந்த நம்மவர்கள் அந்த இடத்தில் பெரும்பாலும் "நைன்" என்று சொல்லிவிட்டு, காட்டிய இடத்தில் கையெழுத்து வைக்கிறார்கள். முப்பது வருஷம் இந்த நாட்டில் வேலை செய்தவர்களும் அப்படித்தான். தொழிற்சாலையிலும் கடையிலும் பழகிய மொழி வேறு, வைத்தியர் கதைக்கிற மொழி வேறு. உறவினர்களோடும் தெரிந்தவர்களோடும் இப்படியான சந்திப்புகளுக்குக் கூடப் போகிறவன் என்ற முறையில், அந்த "நைன்" எப்படி வருகிறது, அதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 2013ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த நோயாளர் உரிமைச் சட்டத்தின்படி இந்த விளக்கம் வாய்மொழியாக இருக்க வேண்டும். படிவத்தை மட்டும் நீட்டிவிட்டுப் போக முடியாது. நோயாளி யோசித்து முடிவெடுக்க நேரம் இருக்கும்படி முன்கூட்டியே சொல்ல வேண்டும், அவருக்கு விளங்கும்படி சொல்ல வேண்டும். கையெழுத்திட்ட பத்திரங்களின் பிரதியையும் அவர் கையில் கொடுக்க வேண்டும். பிறகு வழக்கு என்று வந்தால், முறையாக விளக்கம் கொடுத்ததை நிரூபிக்கும் பொறுப்பு வைத்தியர் பக்கம்தான். ஆகவே "எனக்கு விளங்கவில்லை" என்று நீங்கள் சொல்வது வைத்தியருக்குத் தொல்லை கொடுப்பது ஆகாது. அவர் தெரிந்துகொள்ள வேண்டிய தகவல் அது.

ஆனால் மொழிபெயர்ப்பாளருக்கு யார் பணம் கட்டுவது என்ற இடத்தில் சட்டம் கைவிட்டுவிடுகிறது. காது கேளாதவர்களுக்கான சைகைமொழி பெயர்ப்பாளரின் செலவை மருத்துவக் காப்புறுதி ஏற்கும். தமிழுக்கோ அரபுக்கோ அப்படி ஒரு பொதுக் கடமை காப்புறுதிக்கு இல்லை. சில வைத்தியசாலைகள் தொலைபேசியிலோ வீடியோவிலோ மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்கின்றன. சில நகரங்களில் குறைந்த செலவில் கூடவருகிறவர்களை அனுப்பும் அமைப்புகள் உண்டு. ரெர்மின் எடுக்கிற அன்றே கேட்டால்தான் இவை கிடைக்கும். போய் இருந்த பிறகு கேட்டுப் பலன் இல்லை.

இனி ஓர் உதாரணத்தை எடுத்து அதன் வழியே போவோம். டோர்ட்முண்ட் பக்கம் வசிக்கும் 58 வயது அம்மா ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். சோற்றோடு பொரியல், இறைச்சிக் குழம்பு என்று கொஞ்சம் கொழுப்பாகச் சாப்பிட்டால், ஒரு மணித்தியாலம் கழித்து வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொள்கிறது. சிலவேளை வலி வலது தோள்பட்டைக்குப் பின்னால் ஏறுகிறது. குடும்ப வைத்தியரிடம் இதை "வயிற்றில் காஸ்" என்று ஒரு வருஷமாகச் சொல்லி, நெஞ்செரிவுக் குளிசை வாங்கிக் குடித்திருக்கிறார். பிறகு ஸ்கான் எடுத்துப் பார்த்தபோது பித்தப்பையில் கல். பித்தப்பையை அகற்ற வேண்டும் என்று வைத்தியசாலைக்கு அனுப்புகிறார்கள். அவருக்கு நீரிழிவு உண்டு, மெட்ஃபோர்மினும் டபாகிளிஃப்ளோசினும் எடுக்கிறார். இவற்றோடு ஏ.எஸ்.எஸ். 100 என்று ஒரு சின்னக் குளிசையும் உண்டு.

இந்தக் கதையில் முதல் தாமதம் கேட்பதில் வரவில்லை, சொல்வதில் வந்தது. "காஸ்", "வாய்வு" என்று நாங்கள் சொன்னால் எங்களுக்குள் விளங்கும். டொச்சில் அப்படியே போட்டால் வைத்தியருக்கு அது வயிறு ஊதுவது, ஏப்பம் விடுவது என்றுதான் கேட்கும். நோய்க்கு நாங்களே ஒரு பெயர் வைத்துக்கொண்டு போவதைவிட, எங்கே, எப்போது, எவ்வளவு நேரம், எங்கே பரவுகிறது, எதைச் சாப்பிட்டால், வாந்தி வந்ததா, காய்ச்சல் வந்ததா என்று நடந்ததை மட்டும் எழுதிக்கொண்டு போவது நல்லது. அரைப் பக்கம் போதும். கடைசியாக வந்த இரண்டு மூன்று வலிகளின் திகதியும் நேரமும் இருந்தால் இன்னும் நல்லது. வலது விலாவுக்குக் கீழே கையை வைத்து, அங்கிருந்து தோளுக்கு இழுத்துக் காட்டினால் எந்த மொழி பேசும் வைத்தியருக்கும் அது விளங்கும்.

அடுத்தது கேள்விகள். யேர்மனியில் குடும்ப வைத்தியர் ஒரு நோயாளிக்குச் சராசரியாக ஏழரை நிமிஷம் அளவில்தான் செலவிடுகிறார் என்று ஒரு சர்வதேச ஒப்பாய்வு காட்டியது. இடையில் ஒருவர் மொழிபெயர்த்தால் அதில் பாதி போய்விடும். சத்திரசிகிச்சைக்கான விளக்கத்துக்கு இதைவிடக் கூட நேரம் கிடைக்கும், ஆனாலும் பத்துப் பன்னிரண்டு கேள்விகளுக்கு இடமில்லை. மூன்றோ நான்கோதான் கேட்க முடியும் என்று நினைத்துக்கொண்டு ஆயத்தப்படுத்துங்கள்.

எல்லாக் கேள்வியும் ஒன்றல்ல. "ஏன் கல் வந்தது?" என்று கேட்டால் ஐந்து நிமிஷம் டொச்சில் பதில் வரும். அதில் ஒரு சொல்லைத் தவறவிட்டால் மிச்சமும் போய்விடும். தலையை ஆட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். அதற்குப் பதிலாக, பதில் ஒரு திகதியாகவோ, எண்ணாகவோ, குளிசையின் பெயராகவோ, ஒரு படமாகவோ வரும்படி கேள்வியை அமைத்தால், மொழி அரைகுறையாக இருந்தாலும் பதிலைப் பிடித்துவிடலாம். பிடித்தது சரிதானா என்று அந்த இடத்திலேயே சரிபார்க்கவும் முடியும். நான் கண்ட அளவில், கேள்வியை டொச்சுக்கு மாற்றுவதைவிட, எந்த வடிவத்தில் பதில் வரவேண்டும் என்று முன்கூட்டியே யோசிப்பதுதான் கூடிய பலன் தருகிறது.

அந்த அம்மாவின் விஷயத்தில் முதல் கேள்வி, சத்திரசிகிச்சை வேண்டுமா என்பது. "கட்டாயம் வேண்டுமா?" என்று கேட்டால் "ஆம், செய்வது நல்லது" என்று பதில் வரும். அதைக் கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. "செய்யாமல் விட்டால் என்னைப் போன்ற 100 பேரில் எத்தனை பேருக்கு வலி திரும்ப வரும்? எத்தனை பேருக்கு ஆபத்தாக முடியும்? எத்தனை வாரம் பொறுக்கலாம்?" என்று கேட்க வேண்டும். வலியே தராத கல் என்றால் பொதுவாக அகற்றத் தேவையில்லை. வலி தந்த கல் திரும்பவும் தரக்கூடியது, குழாயை அடைத்தால் கணையம் வரைக்கும் பாதிக்கும். ஆகவே "என் கல் எந்த வகை?" என்று கேட்பதும் நியாயமான கேள்விதான். முடிவு எடுக்க முடியாமல் இருந்தால் இன்னொரு வைத்தியரின் கருத்தையும் கேட்கலாம். காப்புறுதிச் செலவில் இரண்டாவது கருத்துக் கேட்கச் சட்டம் உரிமை தந்திருக்கும் சத்திரசிகிச்சைகளின் பட்டியலில் பித்தப்பை அகற்றலும் இருக்கிறது. சத்திரசிகிச்சையைப் பரிந்துரைக்கும் வைத்தியர் இதைக் குறைந்தது பத்து நாட்களுக்கு முன்னரே நோயாளிக்குச் சொல்ல வேண்டும் என்பது விதி. பலர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. சொன்னாலும் நீளமான வசனத்துக்குள் அது கரைந்துபோகிறது.

எண்ணாகக் கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் துண்டுப் பிரசுரத்தில் பக்கவிளைவுகளுக்குப் பக்கத்தில் "ஹொய்ஃபிஹ்" என்று போட்டிருக்கும். அகராதியைப் பார்த்தால் "அடிக்கடி" என்று இருக்கும், உடனே பயம் பிடித்துக்கொள்ளும். அங்கே அது நூற்றில் ஒருவர் முதல் பத்துப் பேர் வரை என்ற அளவைக் குறிக்கிறது. "செல்டன்" என்றால் பத்தாயிரத்தில் ஒருவர் முதல் பத்துப் பேர் வரை. பிரசுரத்தில் இந்த அளவுகள் வரையறுக்கப்பட்டவை. ஆனால் வைத்தியர் வாயால் "செல்டன்" என்று சொல்லும்போது அவர் எந்த அளவை மனதில் வைத்திருக்கிறார் என்று தெரியாது. பித்தநாளம் காயப்படுவது அரிது என்று அவர் சொன்னால், "வீ ஃபீல ஃபொன் ஹுண்டர்ட்?", அதாவது நூறு பேரில் எத்தனை பேருக்கு என்று கேளுங்கள். நூற்றில் ஒருவருக்கும் குறைவு என்று வந்தால் அதையே எழுதிக்கொள்ளுங்கள். சிறு துளைகள் வழியே தொடங்கிய சத்திரசிகிச்சையை இடையில் வயிற்றைத் திறந்து செய்ய வேண்டி வரலாமா என்பதையும் இப்படியே கேட்கலாம். அதற்கும் சேர்த்துத்தான் கையெழுத்து வாங்குகிறார்கள்.

இரண்டாவது கேள்வி குளிசைகள் பற்றியது. மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியர் தனியாகச் சந்திப்பார், அவருக்குத் தனிப் படிவம். அதில் "இரத்தத்தை இளக்கும் மருந்து எடுக்கிறீர்களா?" என்று ஒரு கேள்வி கட்டாயம் இருக்கும். அந்த அம்மா இல்லை என்றுதான் சொல்வார். ஏனென்றால் ஏ.எஸ்.எஸ். 100 அவருக்கு "இருதயக் குளிசை". உண்மையில் அது குறைந்த அளவு ஆஸ்பிரின். இரத்தக் கசிவோடு நேரடியாகத் தொடர்புடையது. அதை நிறுத்துவதா தொடர்வதா என்பதை வைத்தியர்கள் நோயாளியைப் பார்த்து முடிவு செய்வார்கள். ஆனால் அது இருப்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும். டபாகிளிஃப்ளோசின் இன்னும் கவனிக்க வேண்டியது. பட்டினி கிடந்து சத்திரசிகிச்சை செய்யும்போது, சீனி அளவு அதிகம் ஏறாமலே இரத்தத்தில் அமிலம் கூடிவிடும் ஆபத்தை அது கொண்டுவரலாம். அதனால் சில நாட்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். மெட்ஃபோர்மினுக்கு வேறு கணக்கு. மூன்று குளிசைக்கும் மூன்று விதமான பதில் வரும். அதைக் காதால் கேட்டு நினைவில் வைத்திருக்க யாராலும் முடியாது.

இங்கே உதவிக்கு வருவது மருந்துத் திட்டத் தாள். மூன்றோ அதற்கு மேலோ மருந்துகளை வைத்தியரின் எழுத்தில் தொடர்ந்து எடுப்பவர்களுக்கு, குடும்ப வைத்தியரிடம் அச்சிட்ட திட்டம் ஒன்றைக் கேட்டுப் பெறும் உரிமை 2016 ஒக்டோபர் முதல் இருக்கிறது. நாடு முழுவதும் ஒரே வடிவம். மருந்தின் மூலப்பொருள், வியாபாரப் பெயர், அளவு, காலை, மதியம், மாலை, இரவு என நாலு கட்டம், கடைசியில் எதற்காக எடுப்பது என்று ஒரு கட்டம். இதை இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றை வைத்தியரிடம் நீட்டி, ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் கடைசியாக எடுக்க வேண்டிய திகதியையும், திரும்பத் தொடங்க வேண்டிய திகதியையும் எழுதச் சொல்லுங்கள். "பிட்ட ஷ்ரைபன் ஸீ எஸ் ஆவுஃப்" என்ற ஒரு வசனம் போதும். மூன்று குளிசை, ஆறு திகதி. வீட்டில் யாரும் டொச் வாசிக்கத் தேவையில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த மூலிகை மருந்தோ மாத்திரையோ எடுத்தால் அதையும் அந்தத் தாளின் கீழே கையால் எழுதி, டப்பாவையும் கொண்டுபோங்கள். திட்டத்தில் இல்லாததால் யாரும் அதைப் பற்றிக் கேட்க மாட்டார்கள்.

பட்டினி பற்றியும் இதே இடத்தில் கேட்டுவிட வேண்டும். வழக்கமான அறிவுறுத்தல், திட உணவை ஆறு மணித்தியாலத்துக்கு முன்னரும், தெளிந்த பானங்களை இரண்டு மணித்தியாலத்துக்கு முன்னரும் நிறுத்த வேண்டும் என்பது. நம்மவர்களுக்குப் பால் தேநீர் குடிப்பது சாப்பாடாகத் தோன்றாது. "ஒன்றும் சாப்பிடவில்லை, தேத்தண்ணி மட்டும்தான்" என்பார்கள். பால் தெளிந்த பானத்தில் சேராது. கஞ்சியும் சேராது. இப்படிக் குடித்துவிட்டுப் போனதால் சத்திரசிகிச்சை தள்ளிப்போகலாம். சொல்லாமல் மறைத்தால் மயக்கத்தில் வயிற்றில் உள்ளது மேலே வந்து நுரையீரலுக்குள் போகக்கூடும். "தண்ணீர் எத்தனை மணிவரை? பால் தேநீர் எத்தனை மணிவரை?" என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு, மணியாகவே எழுதி வாங்குங்கள்.

மூன்றாவது, வீடு திரும்பிய பிறகு எப்போது திரும்பி வர வேண்டும் என்பது. "ஏதாவது பிரச்சினை என்றால் வாருங்கள்" என்பது யாருக்கும் உதவாத பதில். எத்தனை பாகை காய்ச்சலுக்கு மேல் வர வேண்டும், கண் மஞ்சளானால் என்ன செய்வது, வலி நாளுக்கு நாள் குறையாமல் கூடினால் எந்த இலக்கத்துக்கு அழைப்பது என்று கேளுங்கள். பித்தப்பை எடுத்த பிறகு கண் மஞ்சளாவது, சிறுநீர் கறுப்பது, காய்ச்சல், வயிற்றுவலி கூடுவது எல்லாம் பித்தம் கசிவதையோ குழாய் அடைபடுவதையோ காட்டக்கூடியவை. நாட்கணக்கில் பொறுத்துப் பார்க்க வேண்டியவை அல்ல. இரவிலும் வாரக் கடைசியிலும் வைத்தியர் வேண்டுமென்றால் 116117, உயிராபத்து என்றால் 112. இவை இரண்டும் கைத்தொலைபேசியில் இருக்கட்டும்.

கேள்விகளை டொச்சில் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் கீழே பதிலுக்கு இடம் விட்டு, சந்திப்புத் தொடங்கும்போதே நீட்டுவது நல்ல வழி. கடைசியில் கேட்பதற்கு வைத்திருந்தால் அவர் கதவுப் பக்கம் திரும்பியிருப்பார். தாளை முதலே பார்த்தால் தன் விளக்கத்தையே அதற்கேற்ப அமைத்துக்கொள்வார்.

விளக்கப் படிவமும் அப்படித்தான், முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். டொச்சில் "ஆவுஃப்க்ளேருங்ஸ்போகன்" என்று கேளுங்கள். பல பக்கம், நடுவில் உடலுறுப்புப் படம், கடைசியில் கையெழுத்து. பல வைத்தியசாலைகள் அன்றைய காலையில்தான் தருகின்றன. ஆனால் ரெர்மின் எடுக்கும்போதே மின்னஞ்சலில் அனுப்பும்படி கேட்கலாம். இந்தப் படிவங்கள் வேற்றுமொழிகளிலும் அச்சாகின்றன. ஆங்கிலம் வாசிக்கக்கூடியவர் வீட்டில் இருந்தால் ஆங்கிலப் பிரதியையும் கேளுங்கள். வீட்டில் வாசித்து, விளங்காத வரிக்குக் கோடு போட்டுக்கொண்டு போனால், அந்த அரை மணித்தியாலம் படிவத்தை நிரப்புவதில் வீணாகாது. படத்தில் எங்கே வெட்டுவார்கள், எதை எடுப்பார்கள் என்று வைத்தியரைப் பேனாவால் வரையச் சொல்லுங்கள். படிவத்தில் அவர் கையால் எழுதுவதும் வரைவதும் உங்களோடு தனிப்பட்ட முறையில் என்ன கதைத்தார் என்பதற்குச் சாட்சியும் ஆகும். கையெழுத்து வைக்கும் பக்கத்தில் "விளக்கம் வேண்டாம்" என்று உரிமையை விட்டுக்கொடுக்கும் கட்டம் ஒன்று இருக்கலாம். விளங்காமல் அதில் புள்ளடி போட்டுவிடாதீர்கள்.

இனி, கூடப் போகிறவர் யார் என்ற கேள்வி. பெரும்பாலும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைதான். அமெரிக்காவில் ஒரு சிறுவர் சிகிச்சை நிலையத்தில் ஸ்பானிய மொழி பேசும் தாய்மாரின் 13 சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்து, 2003இல் வெளியிட்டார்கள். ஒரு சந்திப்புக்குச் சராசரியாக 31 மொழிபெயர்ப்புப் பிழைகள். அதில் அதிகம் இருந்தது, சொன்னதை விட்டுவிடுவது. பயிற்சி இல்லாதவர்கள் மொழிபெயர்த்தபோது சிகிச்சையைப் பாதிக்கக்கூடிய பிழைகளின் பங்கு கூடுதலாக இருந்தது. பிள்ளைகள் மேல் குற்றம் சொல்ல எதுவுமில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளை, "மயக்கத்தில் இறக்கும் வாய்ப்பு மிகக் குறைவு" என்ற வசனத்தை அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதை விழுங்கிவிட்டு "ஒன்றுமில்லை அம்மா, சின்ன ஒப்பரேஷன்" என்றுதான் சொல்லும். மாதவிடாய், சிறுநீர், படுக்கை விஷயம் என்று வந்தால் அம்மாவும் பிள்ளையிடம் முழுதாகச் சொல்ல மாட்டார். பிள்ளை ரெர்மின் எடுக்கட்டும், கேள்வித் தாளை டொச்சில் எழுதித் தரட்டும். உள்ளே வளர்ந்த ஒருவர் போவதுதான் முறை.

கூடப் போகிறவரிடமும் முன்பே சொல்லிவையுங்கள்: அவர் சொல்வதைச் சுருக்காதே, ஒவ்வொரு வசனமாகச் சொல், எனக்காக நீ பதில் சொல்லாதே. "அவ எல்லாம் ஒழுங்காகத்தான் எடுக்கிறா" என்று மகன் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால், அந்த ஏ.எஸ்.எஸ். குளிசை வெளியே வரும் வழி அடைபட்டுவிடும்.

எல்லாம் முடிந்து "கேள்வி இருக்கிறதா?" என்று வைத்தியர் கேட்கும்போது, "இல்லை" என்பதற்குப் பதில், விளங்கியதைத் திருப்பிச் சொல்லுங்கள். "திங்கட்கிழமை முதல் இந்தக் குளிசை இல்லை. இது தொடரலாம். வியாழன் காலை தண்ணீர் ஆறு மணிவரை. பால் இல்லை. சரியா?" என்று தாளில் விரலை வைத்துக் காட்டி உடைந்த டொச்சில் சொன்னாலே போதும். பிழை இருந்தால் வைத்தியர் உடனே பேனாவை எடுப்பார். தலையாட்டலில் இருந்து அவருக்கு எதுவும் தெரியாது, இதில் இருந்து எல்லாம் தெரியும். இந்த இடத்தில் பலருக்கு வெட்கம் வருகிறது. இலக்கணப் பிழையைக் கவனிக்க அவருக்கு நேரமில்லை, திகதி சரியா என்றுதான் பார்ப்பார்.

இந்த ஆயத்தம் எதுவும் சரிவராத நேரமும் உண்டு. நள்ளிரவில் அவசரப் பிரிவுக்குப் போனால் படிவம் முன்பே கிடைக்காது, மொழிபெயர்ப்பாளரும் கிடைக்க மாட்டார். அப்போது மருந்துத் திட்டத் தாளும், ஒவ்வாமை எது, முன்பு என்ன சத்திரசிகிச்சை நடந்தது என்று டொச்சில் எழுதிய ஒரு துண்டும் பணப்பையில் இருந்தால் அதுவே பெரிய உதவி. புற்றுநோய் போன்ற பாரமான செய்தியை எதிர்பார்த்துப் போகும் சந்திப்பில் எண்ணும் திகதியும் போதாது. அங்கே பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் வேண்டும், இல்லாவிட்டால் ரெர்மினைத் தள்ளிவைக்கக் கேட்பது தவறில்லை.

வீட்டுக்கு வரும்போது தரும் கடிதம் குடும்ப வைத்தியருக்கு எழுதப்பட்டது. டொச் நன்றாகத் தெரிந்தவருக்கும் அதன் சொற்சுருக்கங்கள் விளங்காது. 2011இல் ட்ரெஸ்டனில் மருத்துவ மாணவர்கள் தொடங்கிய washabich.de என்ற தளம், அனுப்பும் அறிக்கையை இலவசமாக எளிய டொச்சில் எழுதித் தருகிறது. பெயர், பிறந்த திகதி, விலாசத்தை மறைத்துவிட்டு அனுப்ப வேண்டும். அவர்கள் விளக்கம்தான் தருவார்கள், சிகிச்சை ஆலோசனை தர மாட்டார்கள். தமிழிலும் கிடைக்காது. ஆனால் அப்படி எழுதிவரும் டொச்சைப் பத்தாம் வகுப்புப் பிள்ளை வாசித்து அம்மாவுக்குத் தமிழில் சொல்ல முடியும். அதற்குச் சில நாட்கள் பிடிக்கலாம். ஆகவே கடிதத்தில் புதிய குளிசை ஏதும் எழுதியிருக்கிறதா, பழையதில் எதையும் நிறுத்தியிருக்கிறார்களா என்ற இரண்டை மட்டும் வைத்தியசாலையை விட்டு வெளியே வரும் முன், அதே மருந்துத் திட்டத்தை நீட்டித் தாதியிடமாவது கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.